எளிய ஊசலால் புவியீர்ப்பு ஆர்முடுகல் g-யை அளத்தல்: மலையக ஆய்வுகூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு பௌதிகவியல் செயன்முறை செய்து காட்டுகிறேன். ஊசல் பரிசோதனை வருகிற தவணையில் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வரும்: "g-க்குப் புத்தகத்துல உள்ள 9.81 வரலையே சேர்!" அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் நீளம், நேரம், வழு என்று சிலதைப் பேச வேண்டும். அதனால் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்டபடியே, அந்த ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்.

இதுல g-யை எங்கேயும் நேரா அளக்கிறதே இல்லையே, அப்புறம் எப்படி வருது?

அளப்பது இரண்டுதான்: ஊசலின் நீளம் L, ஒரு முழு அலைவுக்கு எடுக்கும் நேரம் T. சிறிய வீச்சத்தில் ஆடும் எளிய ஊசலுக்கு T = 2π√(L/g). இதை இருபுறமும் வர்க்கித்து மாற்றி எழுதினால் g = 4π²L/T². இந்தக் கோவையில் குண்டின் திணிவு இல்லை. பித்தளைக் குண்டோ ஈயக் குண்டோ, விடை மாறாது. பாரமான சிறிய குண்டை எடுக்கச் சொல்வது காற்று அதை இலகுவில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே.

T வர்க்கத்தில் இருப்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தில் விடும் பிழை g-யில் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

நூலை எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும்?

நூல் வளையத் தொடங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூலை இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவே வைத்து இறுக்கினால், தக்கையின் கீழ் விளிம்புதான் அந்தப் புள்ளி. நூலை இறுக்கியின் கம்பியில் சும்மா சுற்றித் தொங்கவிட்டால் அந்தப் புள்ளியே நிலையாக இருக்காது. ஊசல் ஒரு பக்கம் போகும்போது நூல் கம்பியைச் சற்றுத் தழுவும், மற்றப் பக்கம் போகும்போது விலகும். தக்கை கேட்பது இதற்காகத்தான்.

குண்டின் மையத்தைக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டாம். ஒரு மூலைமட்டத்தைக் குண்டின் அடியில் தொடும்படி பிடித்து, தக்கையின் விளிம்பிலிருந்து அடி வரை அளந்து, வேணியர் இடுக்கிமானியால் எடுத்த விட்டத்தில் பாதியைக் கழியுங்கள். குண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனென்றால் பாரம் இருக்கும்போது நூல் கொஞ்சம் நீளும். ஆட்டி முடித்த பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் நூல் தக்கைக்குள் வழுக்கியிருக்கிறது.

ஆரையை மறந்தவர்களை அவர்கள் விடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மீற்றர் ஊசலில் 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குண்டு என்றால், நூலின் நீளத்தை மட்டும் போட்டவருக்கு g ஒரு சதவீதம் குறைந்து 9.68 அளவில் வரும். ஆரைக்குப் பதிலாக முழு விட்டத்தையும் கூட்டியவருக்கு 9.87 அளவில் வரும்.

எண்ணுறதை எங்க தொடங்கணும்? கடைசியா போய் நிக்கிற இடந்தானே வசதி?

பார்க்க வசதியாகத்தான் தெரியும், ஆனால் அங்கே நேரம் தெளிவாக அகப்படாது. ஓரத்தில் குண்டு நின்று திரும்புகிறது. ஒரு மீற்றர் ஊசலை 9 சென்ரிமீற்றர் இழுத்து விட்டால், திரும்பும் புள்ளிக்கு ஒரு மில்லிமீற்றருக்குள்ளேயே அது ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் இருக்கும். அந்தப் பத்தில் ஒரு செக்கனில் எப்போது அழுத்துவது என்று கையால் தீர்மானிக்க முடியாது. நடுவில் அதே குண்டு செக்கனுக்கு 28 சென்ரிமீற்றர் அளவில் ஓடுகிறது. அந்த ஒரு மில்லிமீற்றரைக் கடக்க ஆயிரத்தில் நான்கு செக்கன் போதும்.

அதனால் தொங்கும் நூலுக்குப் பின்னால், அசையாத ஒரு தாங்கியில் ஊசி ஒன்றைக் குத்தி, நூல் அந்த ஊசியை மறைக்கும் கணத்தை எடுங்கள். நூல் இடமிருந்து வலம் போகும்போது தொடங்கினால், மறுபடியும் இடமிருந்து வலம் போகும்போதுதான் ஓர் அலைவு முடிகிறது. திரும்பி வரும்போது கடப்பதை எண்ணக் கூடாது.

எங்களுக்கு g 10.8 வந்திருக்கு. ஊசல்ல ஏதும் பழுதா?

ஊசலில் பழுதில்லை, எண்ணியதில்தான். கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் "ஒன்று" என்று சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்னால் "இருபது" என்று நிறுத்தும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் T ஐந்து சதவீதம் குறையும், g 10.83-க்கு ஏறிவிடும். மாறாக ஓர் அலைவு கூடுதலாக ஆடிய பிறகு நிறுத்தினால் 8.87 வரும்.

போன வருடம் இரண்டு பிள்ளைகள் மூன்று முறை திருப்பிச் செய்தும் 10.83, 10.80, 10.85 என்றே வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று இவ்வளவு கிட்ட இருந்ததால் அளவீடு சரி என்றே நம்பிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் விரல் மடக்கி எண்ண, மற்றவர் கடிகாரத்தை அழுத்தினார். அழுத்திய அதே கணத்தில் முதல் விரல் மடங்கியது. "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று சொல்லி, பூச்சியத்தில் அழுத்தச் சொன்னேன். அடுத்த அளவீட்டிலேயே 9.7-க்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

திருப்பித் திருப்பிச் செய்து ஒரே விடை வருவதால் அது சரியாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியாது. ஒரே திசையில் இழுக்கும் இப்படிப்பட்ட பிழை சராசரி எடுத்தாலும் போகாது.

எவ்வளவு தூரம் இழுத்து விடலாம்?

நூல் நிலைக்குத்துடன் 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. ஒரு மீற்றர் ஊசலுக்கு அது நடுவிலிருந்து ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். முதல் பதிலில் உள்ள சமன்பாடு சிறிய கோணத்துக்குத்தான் பொருந்தும். கோணம் கூடக் கூட T-யும் கொஞ்சம் கூடும், கணக்கிடும் g குறையும்.

எவ்வளவு குறையும் என்பதைப் பார்த்தால் இந்த 5 பாகை எங்கிருந்து வந்தது என்று புரியும். 5 பாகையில் g ஏறத்தாழ 0.009 குறையும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. 10 பாகையில் 0.037 குறையும். 20 பாகையில் 0.15 குறையும். இந்த 0.037-ஐ ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கடிகாரம் 0.01 செக்கன் வரைக்கும் காட்டுது. அப்ப வழுவும் 0.01 தானே?

இல்லை. 0.01 என்பது கடிகாரத்தின் இழிவெண்ணிக்கை. அழுத்துவது உங்கள் விரல். கண் பார்த்து விரல் அசைய 0.2 செக்கன் அளவு போகும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே தாமதம் வருவதால் பெரும்பகுதி ஒன்றையொன்று சமன் செய்துவிடும். சமன் ஆகாமல் மிஞ்சும் பகுதி 0.1 செக்கன் அளவில் இருக்கும்.

உங்கள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஊகிக்க வேண்டாம். அதே ஊசலை அதே எண்ணிக்கைக்கு ஐந்து முறை அளந்து பாருங்கள். அளவீடுகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உங்கள் வழு. 20 அலைவு, 50 அலைவு என்று சேர்த்து அளப்பதும் இதற்காகவே. விரலின் 0.1 செக்கன் ஓர் அலைவின் 2 செக்கனில் 5 சதவீதம். 20 அலைவின் 40 செக்கனில் அதே 0.1, கால் சதவீதம்தான்.

வழுவைக் கணக்கிடுறதை ஒரு தடவை முழுசா செஞ்சு காட்டுங்க சேர்.

சரி, ஒரு குழுவின் அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். தக்கையிலிருந்து குண்டின் மையம் வரை L = 0.999 மீற்றர். 20 அலைவுக்கு ஐந்து முறை எடுத்த நேரங்கள்: 40.21, 40.09, 40.27, 40.12, 40.18 செக்கன். சராசரி 40.174, ஆகவே T = 2.0087 செக்கன். g = 4π² × 0.999 / 2.0087² = 9.7745 மீற்றர்/செக்கன்².

இப்போது வழு. நேரங்களில் மிகக் கூடியது 40.27, மிகக் குறைந்தது 40.09. வித்தியாசத்தில் பாதி 0.09 செக்கன். 40.17-இல் 0.09 என்பது 0.22 சதவீதம். T வர்க்கத்தில் வருவதால் இரண்டு மடங்காக்கி 0.45 சதவீதம். நீளத்தில், அளவுகோலின் இழிவெண்ணிக்கை ஒரு மில்லிமீற்றர். தக்கையின் விளிம்பைப் பார்ப்பதிலும் குண்டின் அடியைப் பார்ப்பதிலும் கண் தவறலாம் என்பதால் 2 மில்லிமீற்றர் என்று வைத்தார்கள். அது 0.2 சதவீதம். கூட்டினால் 0.65 சதவீதம், 9.77-இல் அது 0.06. விடை: 9.77 ± 0.06.

இங்கே சதவீத வழுக்களை அப்படியே கூட்டியிருக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தவறுவது அரிது என்பதால் உண்மையான வழு இதைவிடக் குறைவாகவே இருக்கும். பாடசாலை மட்டத்தில் சற்றுக் கூட்டிச் சொல்வதில் தவறில்லை, குறைத்துச் சொல்வதுதான் தவறு. இன்னொன்று: 9.7745 என்று நான்கு தசமதானமும் அறிக்கையில் எழுதாதீர்கள். இரண்டாம் தானமே ஆறு அலகு ஆடும்போது மூன்றாவதும் நான்காவதும் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாம் கவனமா செஞ்சும் 9.81 வரலையே. 9.77, 9.78 தான் வருது. எங்க பிழை விட்டோம்?

பிழை இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் g 9.81 இல்லை. புவி சுழல்வதாலும் மத்திய கோட்டுப் பக்கம் சற்றுப் புடைத்திருப்பதாலும் g இடத்துக்கு இடம் மாறும். கடல் மட்டத்தில் மத்திய கோட்டில் 9.780, துருவங்களில் 9.832. புத்தகத்தில் உள்ள 9.81 ஐரோப்பிய அகலக்கோடுகளுக்குப் பொருந்தும் பெறுமானம். 1901-இல் உலகப் பொதுவாக ஏற்றுக்கொண்ட நியமப் பெறுமானமான 9.80665-உம் ஏறத்தாழ 45 பாகை அகலக்கோட்டுக்கு உரியது. நாம் இருப்பது 7 பாகையில். இங்கே கடல் மட்டத்திலேயே 9.781 அளவுதான். மலையில் அதற்கும் சற்றுக் கீழே.

இதை முதலில் காட்டித்தந்ததும் ஊசல்தான். 1672-இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவிலுள்ள கயேன் நகருக்குப் போனார். பரிஸ் நகரில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலின் நீளத்தைக் குறைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. கயேன் இருப்பது வடக்கு 5 பாகையில், கிட்டத்தட்ட நம்முடைய அகலக்கோடு. அவருடைய கடிகாரம் பிந்திய அதே காரணத்தால்தான் உங்கள் விடையும் 9.81-க்குக் கீழே நிற்கிறது.

9.81 வருவதற்காக நீளத்தில் மூன்று மில்லிமீற்றரைக் கூட்டி எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். சரியான அளவீட்டை அழித்துப் பிழையானதை எழுதுவது மனதுக்கு மிகவும் கஷ்டமான விடயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்ப 9.81 இல்ல, 9.78 தான்னு எங்க அளவை வச்சே நிரூபிக்க முடியுமா?

மேலே செய்த கணக்கை வைத்து முடியாது. 9.77 ± 0.06 என்றால் 9.71-இலிருந்து 9.83 வரை எதுவும் இருக்கலாம். 9.81-உம் அதற்குள்ளேதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.03, அதாவது 0.3 சதவீதம். வழுவை அதற்குக் கீழே கொண்டுவந்தால்தான் பேச முடியும்.

கொண்டுவரலாம். அதே குழு அடுத்த கிழமை 50 அலைவுக்கு ஐந்து முறை அளந்தது. சராசரி 100.43 செக்கன், சிதறலில் பாதி 0.08. விரலின் தடுமாற்றம் முன்பு போலத்தான், நேரம் இரண்டரை மடங்காகிவிட்டது. ஆகவே நேரத்தின் பங்கு 0.08 சதவீதம், இரண்டு மடங்காக்கினால் 0.16. நீளத்தை உருக்கு நாடாவாலும் மூலைமட்டத்தாலும் முன்னும் பின்னும் அளந்து ஒரு மில்லிமீற்றருக்குள் கொண்டுவந்தார்கள், அது 0.1 சதவீதம். மொத்தம் 0.26 சதவீதம். விடை 9.775 ± 0.025. மேல் எல்லை 9.80. 9.81 வெளியே போய்விட்டது.

இந்த அளவுக்குப் போகும்போது முன்பு பரவாயில்லை என்று விட்ட சிறிய விடயங்களும் எட்டிப் பார்க்கும். 5 பாகையில் வரும் 0.009 இப்போது வழுவின் மூன்றில் ஒரு பங்கு. அதனால் அவர்கள் 5 சென்ரிமீற்றர் மட்டுமே இழுத்து விட்டார்கள், அப்போது அது 0.003 தான். யன்னலையும் மூடினோம். மூடுபனியோடு வரும் காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 50 வரை எண்ணும்போது ஒன்று தவறினால் 10.18 அல்லது 9.40 வரும், ஆகவே அதுவும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்க குழுவுக்கு சரியா 9.81 வந்துச்சே! நீளத்தையும் மாத்தல. அது எப்படி?

வழு 0.06 என்றால் தற்செயலாகவே வரலாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், குண்டை மேலேயிருந்து பாருங்கள். நேர்கோட்டில் போய் வருகிறதா, வட்டம் போடுகிறதா? கையை விடும்போது சற்றுப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ஊசல் கூம்பு வடிவில் சுற்றத் தொடங்கும். 5 பாகையில் முழு வட்டமாகச் சுற்றும் ஊசலின் T குறைந்து, g 0.037 கூடித் தெரியும். 9.775-உடன் 0.037-ஐக் கூட்டிப் பாருங்கள், 9.81!

பெரிய வீச்சம் g-யை 10 பாகையில் 0.037 குறைக்கிறது என்று மேலே சொன்னேன். கூம்பாகச் சுற்றுவது அதே அளவைப் பாதிக் கோணத்திலேயே கூட்டிவிடுகிறது. விரலால் விடுவதற்குப் பதில் குண்டை ஒரு நூலால் பக்கத்துக்குக் கட்டி, ஆட்டம் முழுவதும் அடங்கிய பிறகு அந்த நூலை நெருப்புக்குச்சியால் எரித்து விட்டால் நேராக ஆடும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒரு நீளத்துலயே g வந்துடுதே, பரீட்சைல ஏன் வரைபு கேக்குறாங்க?

வரைபு நீளத்தில் உள்ள நிலையான பிழையைப் பிரித்து எடுத்துவிடும். தக்கையிலிருந்து குண்டின் மேல் விளிம்பு வரை உள்ள நூலின் நீளத்தை l என்று எடுத்து, ஐந்தாறு நீளங்களுக்கு T²-ஐ l-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். படித்திறன் 4π²/g. கோடு உற்பத்தியினூடாகப் போகாது, T² அச்சை 0.04 அளவில் வெட்டும். அந்த வெட்டுத்துண்டைப் படித்திறனால் வகுத்தால் குண்டின் ஆரை கிடைக்க வேண்டும். ஆரையை மறந்தவருக்கும் படித்திறனிலிருந்து சரியான g-யே வரும்.

வழுவை எடுக்க, புள்ளிகளினூடாகப் போகக்கூடிய மிகச் செங்குத்தான கோட்டையும் மிகச் சாய்ந்த கோட்டையும் வரையுங்கள். படித்திறன்கள் 4.07, 4.01 என்று வந்தால் நடுப்பெறுமானம் 4.04, வழு 0.03, g = 9.77 ± 0.07. ஒற்றை நீண்ட ஊசலில் கிடைத்ததைவிட இது அகலம். குட்டை நீளங்களில் நேரமும் குறைவு என்பதால் அங்கே விரலின் பங்கு பெரிது. ஆனாலும் வெட்டுத்துண்டு இடுக்கிமானியின் ஆரையோடு ஒத்துப்போனால் நீளத்தை அளந்த முறை சரி என்ற நம்பிக்கை வரும். ஒற்றை அளவீடு அதைத் தராது.

மலையில g குறைவுன்னீங்க. கொழும்புல ஒரு தடவை, நுவரெலியால ஒரு தடவை அளந்து வித்தியாசத்தைக் காட்டலாமா?

நல்ல ஆசை, ஆனால் இந்த ஊசலால் முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். புவி மையத்திலிருந்து விலகுவதால் மட்டும் g 0.006 குறையும். காலுக்குக் கீழே இருக்கும் மலையின் பாறையும் நம்மை இழுப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு திரும்பி வரும். மிஞ்சுவது 0.004 அளவு, அதாவது 0.04 சதவீதம். மலையின் இந்த இழுவையை 1730-களில் பியேர் பூகேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தென் அமெரிக்காவின் அன்டீஸ் மலைகளில் ஊசலை வைத்தே ஆராய்ந்தார். ஊசல் என்ற கருவியில் குறையில்லை, நூலும் தக்கையும் விரலும்தான் போதாது.

0.04 சதவீதத்தைப் பார்க்க, வழு 0.01 சதவீதத்துக்கு வரவேண்டும். ஒரு மீற்றர் நீளத்தைப் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்குள் அளந்தாலே அந்த 0.01 முழுவதும் நீளத்துக்கே போய்விடும். ஒரே ஊசலை அவிழ்க்காமல் இரண்டு ஊருக்கும் கொண்டுபோனால் நீளத்தை அளக்க வேண்டிய தேவை போய்விடும், நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஆனால் அப்போதும் 50 அலைவில் எதிர்பார்க்கும் வித்தியாசம் 0.02 செக்கன்தான். நுவரெலியாக் குளிரிலிருந்து கொழும்பு வெக்கைக்குப் போகும்போது நூலின் நீளமும் மாறும். ஒரு மீற்றரில் 0.4 மில்லிமீற்றர் மாறினாலே நீங்கள் தேடிப்போன வித்தியாசம் முழுவதும் அதற்குள் மறைந்துவிடும்.